செம்பூர் கடைக்கு மூணு கூகுள் புள்ளி, ரெண்டு ஃபேஸ்புக் பக்கம், மூணு இன்ஸ்டா: எதை வச்சுக்கறது, எதை விடறது?

செம்பூர் சித்ரா

எல்லாருக்கும் வணக்கம். மாமனார் ஆரம்பிச்ச காபித்தூள், பட்சணக் கடை எங்களோடது. பேரில் லக்ஷ்மி உண்டு, முழுப் பேர் வேண்டாம். செம்பூர் ஸ்டேஷன் பக்கம் இருந்த பழைய கட்டடம் ரீடெவலப்மெண்ட்டுக்குப் போனதும் திலக் நகரில் வாடகைக்கு ஒரு கடை எடுத்து ஓட்டினோம். இப்ப அதே மனையில் புதுக் கட்டடம் எழும்பி, சாவி கையில் வந்து, கடையும் திறந்தாச்சு. கடை நம்பர் மட்டும் மாறியிருக்கு.

மேப்ஸில் எங்க கடை மூணு இடத்தில் காட்டுது. பழைய கடையோட புள்ளியில் 380 ரிவ்யூ இருக்கு, ஆனா சிவப்பில் Permanently closed. திலக் நகர் புள்ளியில் 90 சொச்சம், அது திறந்திருக்கறதா காட்டுது. மூணாவதைப் போட்டது யாருன்னே தெரியலை. புதுக் கட்டட வாசலில்தான் இருக்கு, பேரை Laxmi-ன்னு எழுதியிருக்காங்க, ரிவ்யூ ஆறு, படம் சிமெண்ட் மூட்டை.

ஃபேஸ்புக்கில் ரெண்டு பக்கம். வீட்டுக்காரர் 2012-ல் ஆரம்பிச்சதில் 1,900 பேர் இருக்காங்க, நிறைய பேர் நல்லதா எழுதியிருக்காங்க. விளம்பரம் பார்த்துக்கிட்ட ஏஜென்சி ஆரம்பிச்சதில் 6,400 பேர். இன்ஸ்டாவில் மூணு: மச்சினர் பையன் எப்பவோ திறந்து மூணு படத்தோட விட்ட `kadaipeyar`, நாங்க தினமும் போடற `kadaipeyar_official`, ஏஜென்சியோட `laxmikadai_tilaknagar`. (நிஜப் பேர் இதில்லை, புரியறதுக்காக.)

என் திட்டம் இது. பெரிய ஃபேஸ்புக் பக்கத்தில் சின்னதைச் சேர்த்துடறது. மேப்ஸில் பழசு ரெண்டையும் அழிச்சுட்டு புதுசா ஒண்ணு சரியா போடறது. இன்ஸ்டாவில் மூணையும் ஒண்ணாக்கி `kadaipeyar`-ன்னு சுத்தமா வச்சுக்கறது. தீபாவளி ஆர்டர் ஆரம்பிக்கறதுக்குள்ள முடிக்கணும். சரிதானா?

---

தாராவி தாஸ்

அக்கா, இது பெரிய சோலியே இல்ல. மேப்ஸ்ல போயி வேண்டாதது ரெண்டையும் Permanently closed-னு அடிச்சு விடுங்க, அதுவே கீழ போயிரும். இன்ஸ்டால பழசை டெலிட் பண்ணிட்டு அந்தப் பேரை எடுத்து இதுல போடுங்க. நான் எங்க அண்ணாச்சி லெதர் கடைக்கு இப்படித்தான் செஞ்சேன், ஒரு மத்தியானத்துல முடிஞ்சுது.

---

வாஷி வெங்கட்

மேடம், கடை நம்பர் மாறினதை ஜிஎஸ்டி பதிவில் திருத்தினீங்களா? மாறின 15 நாளுக்குள்ள REG-14-ல விண்ணப்பம் போடணும். திலக் நகரைக் கூடுதல் இடமாச் சேர்த்திருந்தா அதையும் எடுக்கணும். ரெண்டு பதிவை ஒண்ணாக்கறதுன்னா அது வேற, பிஸினஸ் அமைப்பு என்னன்னு பார்க்கணும். எத்தனை பதிவு ஓடுது?

---

செம்பூர் சித்ரா

வெங்கட் சார், ஜிஎஸ்டி பதிவு ஒண்ணுதான், அதை எங்க ஆடிட்டர் பார்த்துக்கிட்டார். நான் கேட்டது மேப்ஸ், ஃபேஸ்புக் பத்தி. ஆனாலும் நன்றி.

---

சயான் பிரபாகர்

சித்ரா மேடம், எதையும் இன்னிக்கு அழுத்தாதீங்க. உங்க திட்டத்தில் ரெண்டு இடம் தலைகீழா இருக்கு. வெங்கட் சார் சொன்னது இடம் மாறி வந்த பதில்தான், ஆனா புது நம்பர் போட்ட ஜிஎஸ்டி சான்றிதழ் பின்னாடி ரெண்டு இடத்தில் உங்களுக்கு உதவும். எடுத்து வையுங்க.

முதல்ல ஃபேஸ்புக். ரெண்டு பக்கத்தைச் சேர்க்கும்போது, கரையற பக்கத்திலிருந்து ரெண்டே ரெண்டு விஷயம்தான் மத்ததுக்குப் போகும்: பின்தொடர்றவங்களும், செக்-இன் எண்ணிக்கையும். பதிவு, படம், ரிவ்யூ, அந்தப் பக்கத்தோட யூஸர்நேம் எல்லாம் அழிஞ்சுடும். திரும்பவும் கிடைக்காது. வச்சுக்கற பக்கம் அப்படியே இருக்கும். அதனால ஆள் எங்க அதிகம்னு பார்த்து முடிவு பண்ணக் கூடாது. ஆள் எப்படியும் வந்துடுவாங்க. வராதது எந்தப் பக்கத்தில் கிடக்குன்னு பாருங்க. உங்க விஷயத்தில் அது 2012 பக்கம். அதில் ஜனங்க கைப்பட எழுதினது இருக்கு. ஏஜென்சி பக்கத்தில் விளம்பரப் படமும் பண்டிகை வாழ்த்தும்தான் இருக்கும்னு நினைக்கிறேன். அதை இதில் கரைங்க. கடைசியில் பழைய பக்கத்தில் 1,900-ஓட 6,400-ம் சேர்ந்து நிக்கும். ரெண்டிலும் இருக்கறவங்க ஒரு தடவைதான் கணக்கு, அதனால கூட்டித் தொகை கொஞ்சம் குறைஞ்சுதான் வரும், பதறாதீங்க.

ரெண்டாவது மேப்ஸ். தாஸ் தம்பி சொன்னதை மட்டும் செஞ்சுடாதீங்க. Permanently closed-ன்னா அந்த வியாபாரமே இல்லாம போச்சுன்னு கூகுள்கிட்ட சொல்றது. அது கீழ போகாது. கடைப் பேரைத் தட்டினா சிவப்பு எழுத்தோட அதுவும் வந்து நிக்கும். கடை மூடிட்டாங்களாமேன்னு வாடிக்கையாளர் நினைக்கறது அங்கதான். உங்க பழைய புள்ளிக்கு ஏற்கனவே நடந்திருக்கறது இதுவேதான். கடை இடம் மாறும்போது இருக்கற ப்ரொஃபைலில் முகவரியை மட்டும் மாத்தணும். யாரோ அதை மூடினதா அடிச்சுட்டு திலக் நகருக்குப் புதுசு திறந்திருக்காங்க.

உங்க 380 ரிவ்யூ இன்னும் அங்கயேதான் இருக்கு. மனையும் மாறலை. அந்தப் புள்ளியைத் திரும்பத் திறந்து, கடை நம்பரைத் திருத்தி, மத்த ரெண்டையும் அதில் சேர்க்கறதுதான் வழி. பழைய புள்ளி யார் ஜிமெயிலில் இருக்கு?

---

செம்பூர் சித்ரா

அடக் கடவுளே, நல்லவேளை கேட்டேன். பழையது மாமனார் ஜிமெயிலில் இருக்குன்னு நினைக்கிறேன். அந்த போன் போயி ரொம்ப வருஷமாச்சு, பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. திலக் நகர் ஏஜென்சிக்காரங்க மெயிலில். ஃபேஸ்புக் பெரிய பக்கமும் அவங்க கையில்தான். அவங்களோட இப்ப சரியான பேச்சுவார்த்தை இல்லை, கடைசி பில்லில் ஒரு தகராறு.

---

முலுண்ட் மாமி

எனக்கும் இதே கதைதான் கோந்தே! நான் பாட்டு க்ளாஸ் நடத்தறேன். யூட்யூப்ல ரெண்டு சேனல். ஒண்ணு பையன் அமெரிக்கா போறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சுக் கொடுத்தான், இன்னொண்ணு லாக்டவுன்ல ஆன்லைன் க்ளாஸுக்குன்னு நானே ஆரம்பிச்சேன். நவராத்திரி கச்சேரி வீடியோ எல்லாம் பழசுல, வர்ணம் பாடம் எல்லாம் புதுசுல. ரெண்டையும் ஒண்ணாக்கணும்னா பட்டன் எங்க இருக்கு? தேடித் தேடிக் கண்ணு போச்சு.

---

சயான் பிரபாகர்

மாமி, அந்தப் பட்டன் கிடையாது. யூட்யூபில் சேனலை ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாத்தலாம், ஆனா ரெண்டு சேனலோட வீடியோவை ஒண்ணாச் சேர்க்க முடியாது. இறக்கி மறுபடி ஏத்தினா பார்வை எண்ணிக்கையும் கமெண்டும் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும். உங்களுக்கு அது வேண்டாம். ரெண்டும் ரெண்டு விதமான வீடியோங்கறதால புதுசில் ஒரு ப்ளேலிஸ்ட் போட்டு, பழைய கச்சேரி வீடியோக்களை அதில் கோத்துடுங்க. அடுத்தவர் சேனல் வீடியோவையே ப்ளேலிஸ்டில் சேர்க்கலாமே, உங்க சேனலுக்கு என்ன தடை. பழைய சேனல் முகப்பில் புதுசோட சுட்டி போதும்.

சித்ரா மேடம், உங்களுக்கு முதல் வேலை சேர்க்கறது இல்லை, சாவியை வாங்கறது. மூணு சாவி.

மாமனார் ஜிமெயில்: கூகுள் 2023 டிசம்பரிலிருந்து ரெண்டு வருஷம் தொடாத தனிநபர் கணக்குகளை நீக்க ஆரம்பிச்சது. அதனால அது உயிரோட இருக்கா இல்லையான்னு முதலில் பாருங்க. அவர் பழைய நம்பர் இன்னும் வீட்டில் ஓடினா, அதுக்கு மீட்புக் குறியீடு வரலாம். உள்ளே போக முடிஞ்சா உடனே உங்க மெயிலையும் வீட்டுக்காரர் மெயிலையும் உரிமையாளராச் சேருங்க. ஒண்ணு நினைவில் இருக்கட்டும்: புதுசாச் சேர்ந்த உரிமையாளருக்கு முதல் ஏழு நாள் சில அதிகாரம் இருக்காது. பழைய ஆளை நீக்கவோ, ப்ரொஃபைலை அழிக்கவோ போனா பிழைன்னு காட்டும். அது கோளாறு இல்லை, காத்திருங்க.

கணக்கே போயிடுச்சுன்னா, மேப்ஸில் அந்தப் புள்ளியைத் திறந்து Claim this business அழுத்துங்க. வேற யாரோ வச்சிருக்கறதா சொன்னா, அந்த மெயிலோட முதல் எழுத்தை மட்டும் காட்டும். அணுகல் கேட்டு அனுப்புங்க. இருக்கற உரிமையாளருக்குப் பதில் சொல்ல மூணு நாள். பதில் வரலைன்னா நீங்களே நிரூபிச்சு எடுத்துக்க வழி திறக்கலாம். திலக் நகர் புள்ளிக்கும் இதே வழிதான், ஏஜென்சிக்குப் போன் பண்ணித் தொங்க வேண்டியதில்லை.

நிரூபிக்கறதுக்கு இப்ப பெரும்பாலும் வீடியோதான் கேக்கறாங்க. வெட்டாம ஒரே ஓட்டமா எடுக்கணும். தெருவிலிருந்து ஆரம்பிங்க: தெருப் பலகையோ பக்கத்துக் கடையோ தெரியணும், அப்புறம் உங்க போர்டு, அப்புறம் உள்ளே காபி அரைக்கற மிஷின், பட்சண அலமாரி, கடைசியா நீங்கதான் நடத்தறீங்கன்னு காட்டற ஏதாவது ஒண்ணு. ஷட்டரைச் சாவி போட்டுத் திறக்கறது, கல்லாவைத் திறக்கறது போதும். போர்டில் இருக்கற பேரும் ப்ரொஃபைலில் இருக்கற பேரும் எழுத்து மாறாம ஒண்ணா இருக்கணும். புது போர்டில் எப்படி எழுதியிருக்கீங்க?

---

செம்பூர் சித்ரா

போர்டில் Lakshmi-ன்னுதான். ஆனா மராத்தியில் எழுதினவர் பக்கத்திலேயே சின்னதா Laxmi-ன்னும் போட்டுட்டார், பில்லு புஸ்தகத்திலும் அச்சகம் x போட்டுதான் அடிச்சுக் கொடுக்கும்.

---

சயான் பிரபாகர்

மும்பையில் நம்ம கடைகளுக்கு வர்ற டூப்ளிகேட்டில் பாதி இந்த எழுத்தால்தான் வருது. நாம ksh போடறோம், இங்க இருக்கறவங்க x போடறாங்க. செக்-இன் பண்ண வந்த யாரோ Laxmi-ன்னு தட்டி, இல்லைன்னு வந்ததும் புதுசா ஒண்ணைச் சேர்த்துட்டுப் போயிடறாங்க. உங்க சிமெண்ட் மூட்டைப் புள்ளி அப்படி வந்திருக்கலாம். ஃபேஸ்புக்கிலும் Laxmi போட்டுத் தேடுங்க, யாரும் நடத்தாத மூணாவது பக்கம் ஒண்ணு இருந்தாலும் ஆச்சரியமில்லை. பேரை மட்டும் தேடினா எல்லாம் சிக்காது. பழைய லேண்ட்லைன் நம்பரை 022 போட்டும் போடாமலும் தேடுங்க, வீட்டுக்காரர் மொபைல் நம்பரைத் தேடுங்க. பேர் தப்பா இருந்தாலும் நம்பர் மாட்டிவிடும்.

போர்டில் இருக்கற சின்ன Laxmi-ஐ மறைச்சுடுங்க. ஒரே எழுத்து, எல்லா இடத்திலும்.

---

தாராவி தாஸ்

பிரபாகர் அண்ணே, நான் மூடுனதா அடிச்சு எங்களுக்கு ஒண்ணும் ஆவலையே? அப்ப இந்தச் சிமெண்ட் மூட்டைய என்னதான் செய்யணும்?

---

சயான் பிரபாகர்

தம்பி, உங்க அண்ணாச்சி பழைய இடத்தில் நிஜமாவே கடையை மூடியிருக்கலாம், அங்க ரிவ்யூவும் பெருசா இருந்திருக்காது. அந்த நிலைமைக்கு நீங்க செஞ்சது தப்பில்லை. இவங்க கடை உயிரோட அதே மனையில் இருக்கு.

சிமெண்ட் மூட்டைப் புள்ளிக்கு: Suggest an edit, அதில் Close or remove, அதில் Duplicate of another place. எதோட டூப்ளிகேட்னு கேட்டா 380 ரிவ்யூ இருக்கற புள்ளியைக் காட்டணும். ஆனா அதுக்கு முன்னாடி அந்தப் புள்ளி திறந்ததா மாறி, புதுக் கடை நம்பரோட இருக்கணும். மூடின கடையோட டூப்ளிகேட்னு திறந்த கடையைச் சொன்னா, கூகுள் எதைக் காப்பாத்தும்னு யோசிச்சுப் பாருங்க. நான் பார்த்த ஒரு டிபன் கடையில் இந்த வரிசை மாறிப் போய், ரிவ்யூ இருக்கற புள்ளி மறைஞ்சு, வெறும் புள்ளி மிஞ்சிச்சு. மீட்க சப்போர்ட்டுக்கு எழுதி எழுதி அலுத்துட்டாங்க.

இன்னொரு பொறி. ப்ரொஃபைலை நீக்கறதுன்னு ஒரு வழி இருக்கும், உள்ளடக்கத்தையும் நிர்வாகிகளையும் எடுக்கறதுன்னு சொல்லும். அதை அழுத்தினா உங்க கையிலிருந்துதான் போகும், மேப்ஸிலிருந்து புள்ளி போகாது. அநாதையா நிக்கும், வர்றவன் போறவன் திருத்தலாம்.

திலக் நகர் புள்ளிதான் சிக்கல். முகவரி வேற, அதனால டூப்ளிகேட்னு சொன்னா நிராகரிக்கலாம். அது உங்க கைக்கு வந்ததும் ரெண்டையும் ஒரே கணக்கில் வச்சு, கடை இடம் மாறினதுன்னு சொல்லி, ஜிஎஸ்டி சான்றிதழையும் புதுக் கடைப் படத்தையும் சேர்த்து சப்போர்ட்டுக்கு எழுதிக் கேளுங்க. அந்த 90 ரிவ்யூ வந்தா லாபம். வரும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

---

அந்தேரி ஆனந்த்

நல்ல இழை. ஒரு சந்தேகம், ஒரு சேர்க்கை.

சந்தேகம்: ஃபேஸ்புக்கில் ரெண்டு பக்கத்துக்கும் முகவரி வேற வேறயா இருந்தா சேர்க்க விடாதுன்னு படிச்ச ஞாபகம்?

சேர்க்கை: பழைய விசிட்டிங் கார்டில் `business.site`-ன்னு முடியற வெப்சைட் முகவரி இருந்தா அடிச்சுடுங்க. கூகுள் இலவசமாக் கொடுத்த அந்த சைட்டுகளை 2024 மார்ச்சில் நிறுத்திட்டாங்க. ஜூன் 10 வரைக்கும் ப்ரொஃபைலுக்குத் திருப்பி விட்டுது, அப்புறம் அதுவும் இல்லை.

---

சயான் பிரபாகர்

சரியான ஞாபகம். பேர் ஒத்திருக்கணும், கடை முகவரி இருந்தா அதுவும் ஒண்ணா இருக்கணும், ரெண்டிலும் உங்களுக்கு முழுக் கட்டுப்பாடு இருக்கணும். அதனால ஏஜென்சி பக்கத்தில் முதலில் பேரை 2012 பக்கத்தோட பேருக்கு மாத்துங்க. பேர் மாற்றத்துக்கு மூணு நாள் வரை ஆய்வுன்னு நிக்கலாம், மாறினதுக்கு அப்புறம் ஏழு நாளைக்கு மறுபடி மாத்த விடாது. அதனால எழுத்துப் பிழையோட அனுப்பிடாதீங்க. முகவரியையும் மாத்துங்க. வெளியிலிருந்து, லாக்-இன் பண்ணாம திறந்து பார்த்து ரெண்டும் ஒண்ணா தெரிஞ்ச அப்புறம் `facebook.com/pages/merge` போங்க.

அதுக்கும் முன்னாடி ஏஜென்சி பக்கத்தோட ஒட்டியிருக்கற இன்ஸ்டாவையும் வாட்ஸப்பையும் கழட்டுங்க. விளம்பரம் ஏதாவது ஓடினா நிறுத்துங்க. ரெண்டு பக்கத்தோட தகவலையும் இறக்கி வைங்க. ரிவ்யூவை மட்டும் ஸ்க்ரீன்ஷாட்டும் எடுத்துக்கங்க.

ஏஜென்சி அந்தப் பக்கத்தைத் தங்களோட பிஸினஸ் போர்ட்ஃபோலியோவில் வச்சிருந்தா, உங்களுக்கு அணுகல் கொடுத்தா மட்டும் போதாது, அவங்க அதை விடுவிக்கணும். பில் தகராறை முதல்ல முடிச்சுட்டு அன்னிக்கே, அவங்க எதிரிலேயே மாத்தி வாங்கறதுதான் மலிவு. ஃபேஸ்புக்கிட்ட புகார் கொடுத்து எடுக்கறதுன்னா கையெழுத்துப் போட்ட கடிதம், அடையாள அட்டை, கடைப் பத்திரம்னு இழுக்கும். தீபாவளிக்குள்ள நடக்கறது சந்தேகம்.

---

தாராவி தாஸ்

6,400 பேருக்காக அவனுக்குக் காசைக் கொடுக்கணுமா? விளம்பரம் போட்டுப் பிடிச்ச கூட்டம்தான அது. அதுல எத்தன பேரு செம்பூர்ல இருக்கான்? எனக்குன்னா அந்தப் பக்கத்தையே விட்டுட்டுப் போயிருவேன்.

---

செம்பூர் சித்ரா

தாஸ் தம்பி கேக்கறதும் நியாயம்தான். அந்தப் பக்கத்தில் கான்பூர், பாட்னான்னு எங்கெங்கயோ ஆளுங்க இருக்காங்க. அவங்க முறுக்கு வாங்க வரப்போறதில்லை. ஆனா பக்கம் அவங்க கையிலேயே இருந்தா அதில் எங்க கடைப் பேரும் பழைய போன் நம்பரும் நிக்குமே. இன்பாக்ஸுக்கு ஆர்டர் வந்தா யார் பார்ப்பா?

---

சயான் பிரபாகர்

அதேதான். ஆளுக்காக வாங்க வேண்டாம், இன்பாக்ஸுக்காக வாங்குங்க. தாஸ் தம்பி சொல்றபடி சேர்க்காம, கைக்கு வந்ததும் வெளியே தெரியாம நிறுத்தி வைக்கறதும் ஒரு வழிதான். வெளியூர் கூட்டம் பழைய பக்கத்தில் கலந்தா, நீங்க போடற பதிவைப் பார்க்காத ஆள்தான் அதிகமாகும். உங்க ஊர் ஆள் அதில் எத்தனை பேர்னு Insights-ல நகர வாரியாப் பாருங்க. பத்தில் ஒருத்தர்கூட மும்பை இல்லைன்னா நான் சேர்க்க மாட்டேன்.

---

அந்தேரி ஆனந்த்

இங்க நான் பிரபாகர் சார்கூட ஒத்துப் போகலை. புதுசாப் பக்கத்துக்கு வர்றவங்க முதல்ல பார்க்கறது எண்ணிக்கையைத்தான். 8,000 இருக்கற கடைக்கும் 1,900 இருக்கற கடைக்கும் வித்தியாசம் இருக்கு.

இன்ஸ்டாவுக்கு வருவோம், அதை யாரும் தொடலை. இன்ஸ்டாவில் சேர்க்கற வசதியே கிடையாது சித்ரா மேடம். `laxmikadai_tilaknagar`-ல இருக்கறவங்களை இங்க கொண்டு வர முடியாது. மேல ஒரு பதிவைப் பின் பண்ணி, "நாங்க இப்ப இங்க இருக்கோம்"னு சரியான ஹேண்டிலை டேக் பண்ணி விடுங்க. வர்றவங்க வருவாங்க.

`kadaipeyar`-ஐ எடுக்கறதுக்கு தாஸ் சொன்ன மாதிரி டெலிட் பண்ணாதீங்க. டெலிட் பண்ணின கணக்கு நிஜமா அழியவே 30 நாள் ஆகும், அதுக்கப்புறம் அந்தப் பேர் பொதுவில் கிடக்கும், முந்தினவன் எடுத்துப்பான். மச்சினர் பையன் கணக்கில் நுழைஞ்சு அதோட பேரை `kadaipeyar_pazhasu` மாதிரி ஏதாவது மாத்துங்க. இன்னொரு போனில் உங்க `_official`-ஐத் திறந்து தயாரா வச்சு, உடனே அதில் `kadaipeyar` போடுங்க.

---

முலுண்ட் மாமி

என் மாட்டுப்பொண் இப்படிச் செஞ்சபோது "இந்தப் பேர் கிடைக்காது"ன்னு வந்துடுத்து. அரண்டு போயிட்டா. ரெண்டு வாரம் கழிச்சுப் போட்டா, எடுத்துண்டுது.

---

அந்தேரி ஆனந்த்

ஆமா மாமி, விட்ட பேரைப் பழைய கணக்குக்காரரே திரும்ப எடுத்துக்கட்டும்னு இன்ஸ்டா பொதுவா 14 நாள் ஒதுக்கி வைக்கும். எனக்கு ஒரு தடவை உடனே கிடைச்சுது, இன்னொரு தடவை கிடைக்கலை. எப்ப எப்படி நடக்கும்னு சொல்றதுக்கில்லை. அதனால தீபாவளிக்கு முந்தின வாரம் இதைத் தொடாதீங்க.

ஆனா நிஜமான தலைவலி பேர் மாத்தினதுக்கு அப்புறம் வரும். `kadaipeyar_official`-ங்கற பழைய முகவரி புதுசுக்குத் திருப்பி விடாது. உங்க காபித்தூள் கவரில் QR இருக்கா?

---

செம்பூர் சித்ரா

இருக்கு. கால் கிலோ, அரைக் கிலோ ரெண்டு கவரிலும், பின்பக்கம் `kadaipeyar_official` எழுத்தும் QR-ம். போன மாசம்தான் அச்சடிச்சு வந்தது, கோடவுனில் அடுக்கி இருக்கு.

---

அந்தேரி ஆனந்த்

அப்ப அந்தக் கவர் தீர்ற வரைக்கும் ரெண்டு பேரும் உங்ககிட்ட இருக்கணும். `_official`-லிருந்து பேரை மாத்தினதும் அந்தப் பேர் காலியாகும். அதை வேற யாராவது எடுத்து, உங்க படத்தையே போட்டு, தீபாவளி முன்பதிவுன்னு யூபிஐ நம்பர் கொடுத்தா என்ன ஆகும்? உங்க கவரே ஜனங்களை அவன்கிட்ட அனுப்பும். அதனால கிடைக்க ஆரம்பிச்ச உடனே `kadaipeyar_official`-ன்னு வெறும் கணக்கு ஒண்ணு திறந்து, ஒரே ஒரு பதிவு போட்டு, புதுசோட சுட்டியை பயோவில் வச்சுப் பூட்டிடுங்க.

---

தாராவி தாஸ்

நல்லாருக்கே! குறைக்க வந்த இடத்துல கூட ஒண்ணு திறக்கச் சொல்லுதீங்க.

---

சயான் பிரபாகர்

தாஸ் தம்பி சிரிச்சாலும் கேள்வி சரிதான். எனக்கும் இதில் முழுச் சம்மதம் இல்லை. காவலுக்கு வச்ச கணக்கை யாரும் பார்க்கறதில்லை, அதோட பாஸ்வேர்டு தொலையும், ரெண்டு வருஷம் கழிச்சு அதுவே இன்னொரு மாமனார் ஜிமெயில் ஆகும். என்னைக் கேட்டா கவர் தீர்ற வரைக்கும் `_official`-லேயே இருங்க. அந்தப் பேரில் அசிங்கம் ஒண்ணும் இல்லை. `kadaipeyar`-ஐ மச்சினர் பையன்கிட்டேயிருந்து வாங்கி, உங்க மெயிலுக்கும் நம்பருக்கும் மாத்தி, சும்மா வச்சிருங்க. ஏற்கனவே இருக்கற கணக்கைக் காவல் வைக்கலாம், புதுசா திறக்க வேண்டாம்.

---

அந்தேரி ஆனந்த்

அடுத்த அச்சுக்காவது கவரில் இன்ஸ்டா முகவரியை நேராப் போடாதீங்க. சொந்த டொமைன் இருக்கா? இருந்தா QR-ஐ அதுக்குக் காட்டுங்க, அங்கிருந்து திருப்பி விடுங்க. அப்பாச்சி ஹோஸ்டிங்னா `.htaccess`-ல ஒரே வரி:

```
Redirect 302 /insta https://www.instagram.com/kadaipeyar_official/
```

நாளைக்குப் பேர் மாறினா இந்த வரியை மாத்தினா போதும், கவர் அப்படியே இருக்கும். 301 போடாதீங்க, அதை பிரவுசர் ஞாபகம் வச்சுக்கிட்டு நீங்க மாத்தின அப்புறமும் சில பேரைப் பழைய இடத்துக்கே கொண்டுபோகும்.

---

செம்பூர் சித்ரா

டொமைன் இருக்கு, வீட்டுக்காரர் வருஷா வருஷம் பணம் கட்டறார், அதில் ஒண்ணும் இல்லை. இப்பத்தான் உபயோகம் வருது.

நிலவரம் சொல்றேன். மாமனார் ஜிமெயில் உயிரோட இருக்கு! அவர் பழைய நம்பர் மாமியார் பட்டன் போனில் ஓடிக்கிட்டிருக்கு, மீட்புக் குறியீடு அதுக்கே வந்தது. உள்ளே போய் என்னையும் வீட்டுக்காரரையும் சேர்த்தாச்சு. கடையைத் திறந்ததா மாத்தி, கடை நம்பரையும் திருத்தினேன், வீடியோ கேட்டுச்சு. காலையில் ஷட்டர் திறக்கறதிலிருந்து எடுத்து அனுப்பியிருக்கோம். போர்டில் சின்ன Laxmi மேல ஸ்டிக்கர் ஒட்டியாச்சு. ஃபேஸ்புக்கில் பிரபாகர் சார் சொன்ன மாதிரியே யாரும் நடத்தாத மூணாவது பக்கம் Laxmi பேரில் இருந்தது, 210 செக்-இன்! அதை என்ன பண்றது? திலக் நகருக்கு அணுகல் கேட்டு அனுப்பினேன், ஏஜென்சி மறுத்துட்டாங்க.

---

சயான் பிரபாகர்

மூணாவது பக்கத்தில் இது உங்க வியாபாரமான்னு ஒரு கேள்வி தெரியும். அதன் வழியா உரிமை கோரி, 2012 பக்கத்தில் சேர்க்கக் கேளுங்க. செக்-இன் அப்படியே வந்துடும், அதில் இழக்க வேற ஒண்ணும் இல்லை. பேரில் x இருக்கறதால முதல் தடவை நிராகரிச்சா, கடை போர்டு படத்தோட மறுபடி அனுப்புங்க.

ஏஜென்சி மறுத்தா உங்களுக்கு வர்ற மெயிலிலேயே மேல்முறையீட்டுச் சுட்டி இருக்கும். அதுக்கு முன்னாடி வீடியோ ஏத்துக்கப்படட்டும். 380 ரிவ்யூ புள்ளி உங்க பேரில் நின்னதுக்கு அப்புறம் கேட்டா பலம் அதிகம். அதுவரைக்கும் திலக் நகர் கடை வாசலில் ஒரு காகிதமாவது ஒட்டி வைங்க, புது முகவரியும் போன் நம்பரும் போட்டு. அங்க இன்னும் ஆள் வந்து நிக்கும்.

---

செம்பூர் சித்ரா

அங்க இப்ப மொபைல் கடை வந்துடுச்சு சார். ஆனாலும் அந்தப் பையன் நல்லவன், ஒட்டச் சொன்னா ஒட்டுவான். ஏஜென்சிக்காரர் ஞாயித்துக்கிழமை கடைக்கு வர்றேன்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லியிருக்கார். பில்லோட சேர்த்துப் பேசிட்டு எழுதறேன்.